தண்ணீர் கேன் நான்காம் மாடிக்கு ஏறும்போது: வேலையையும் திறனையும் அளப்பது எப்படி?

அடுக்குமாடி ஒன்றில் லிஃப்ட் பழுது. கேன் போடுபவர் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நான்காம் மாடிக்கு ஒரு நிமிடத்தில் ஏறிவிடுகிறார். அவர் செய்த வேலை எவ்வளவு, அவருடைய திறன் எத்தனை வாட் என்று கேட்டால், பள்ளிப் பாடத்தை நினைவில் வைத்திருப்பவர்கள்கூடப் பாதிக்குப் பாதி தவறான விடைதான் சொல்வார்கள். சூத்திரம் தெரியாமல் அல்ல. எந்த எடையை, எந்த உயரத்தை, எந்த நேரத்தை அதில் போடுவது என்பதில்தான் தடுமாற்றம்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேனை முழுதாக அளந்து காட்டுகிறது. பிறகு பத்து கேனுக்குப் போகிறது. அங்கேதான் கணக்கு சுவையாகிறது. இதே முறையை மணல் மூட்டைக்கும் செங்கலுக்கும் சிலிண்டருக்கும் அப்படியே பயன்படுத்தலாம்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நொடியில் செய்யப்படும் வேலையைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'திறன்' என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் 'வலு' என்கின்றன. இரண்டும் ஒன்றே, அலகும் அதே வாட்தான். இங்கே 'திறன்' என்றே எழுதுகிறோம்.

தேவையானவை

ஓர் எடை மிஷின், ஒரு டேப், ஸ்டாப்வாட்ச் உள்ள கைபேசி, குறித்துக்கொள்ள ஒரு தாள். ஏறுபவரைத் தவிர நேரம் பார்க்க இன்னொருவர் இருந்தால் நல்லது. சுமையோடு ஏறுபவரே கைபேசியைத் தட்டினால் ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு நொடி பிசகும். அதைவிட, கவனம் படியிலிருந்து கைபேசிக்குப் போவது ஆபத்து.

முதல் அளவு: எடை

கேனைத் தனியாக எடை மிஷினில் வைக்க வேண்டாம். குறுகலான மிஷினில் அது ஆடும், எண்ணும் நிலைக்காது. ஏறுபவர் முதலில் வெறுங்கையோடு நிற்கட்டும், அடுத்துக் கேனைத் தூக்கிக்கொண்டு நிற்கட்டும். இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் கேனின் எடை கிடைத்துவிடும். செருப்போடு ஏறுகிறவர் என்றால் செருப்போடே நிற்க வேண்டும். எதைச் சுமந்து ஏறுகிறாரோ அது எல்லாமே கணக்கில் சேரும்.

நம் எடுத்துக்காட்டில் ஆள் மட்டும் 60 கிலோ, கேனோடு 81 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கேன் 21 கிலோ. தண்ணீர் மட்டும் 20 கிலோ, மீதி பிளாஸ்டிக்கும் கழுத்துவரை நிரம்பிய கூடுதல் தண்ணீரும்.

இரண்டாம் அளவு: உயரம்

அதிகம் பிழை நடக்கும் இடம் இது. "ஒரு மாடிக்கு 10 அடி, நான்கு மாடிக்கு 40 அடி" என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். சில கட்டடங்களில் இது சரியாக வரும், சிலவற்றில் ஒரு முழு மாடி அளவுக்குத் தப்பும். 'ஐந்து மாடிக் கட்டடம்' என்று ஊரில் சொல்வது தரைத்தளத்தையும் சேர்த்து. தரையிலிருந்து அதன் மேல்தளத்துக்கு நான்கு மாடி உயரம்தான் ஏற வேண்டும். கீழே வண்டி நிறுத்த ஸ்டில்ட் விட்டிருந்தால் அந்தத் தளத்தின் உயரம் பெரும்பாலும் மற்ற மாடிகளைப் போல இருக்காது. பழைய வீடுகளில் வாசலிலேயே மூன்று நான்கு படி ஏறித்தான் தரைத்தளமே வரும்.

ஆகவே மாடியை எண்ண வேண்டாம், படியை எண்ணுங்கள். எண்ணும்போது ஒரு நுணுக்கம் உண்டு. மிதிக்கும் பலகைகளை எண்ணக் கூடாது, கால் எத்தனை முறை மேலே எழுகிறது என்பதை எண்ண வேண்டும். திருப்பத்தில் உள்ள சமதளத்துக்கு ஏறுவதும் ஓர் ஏற்றமே. பலகைகளை மட்டும் எண்ணுகிறவர் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் ஏற்றத்தை விட்டுவிடுவார். நான்கு மாடியில் எட்டுத் திருப்பம் என்றால் எட்டு ஏற்றம், அதாவது ஒரு மீட்டருக்கு மேல் காணாமல் போகும்.

அடுத்து ஒரு படியின் உயரம். ஒரே படியை அளந்துவிட்டு நிறுத்த வேண்டாம். கட்டும்போது எல்லாம் ஒரே அளவாகத்தான் போட்டிருப்பார்கள். ஆனால் பிறகு டைல்ஸ், கிரானைட் ஒட்டும்போது முதல் படியும் கடைசிப் படியும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மாறிவிடும். வரிசையாக ஒன்பது படியின் மொத்த உயரத்தை அளந்து 9ஆல் வகுங்கள். டேப்பைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், படிச்சரிவோடு சாய்த்துப் பிடிக்கக் கூடாது.

நம் கட்டடத்தில் தரையிலிருந்து நான்காம் மாடி வரை 72 ஏற்றம், சராசரி உயரம் 16.5 செ.மீ. 72 × 0.165 = 11.88 மீட்டர்.

படிக்கட்டு சுற்றிச்சுற்றிப் போகிறதே, நடந்த தூரம் இதைவிட அதிகமில்லையா என்ற கேள்வி வரும். அதிகம்தான். ஆனால் புவியீர்ப்பு கீழ்நோக்கி மட்டுமே இழுக்கிறது. அதை எதிர்த்துச் செய்த வேலைக்குச் செங்குத்து உயரம் மட்டுமே கணக்கு. பக்கவாட்டில் எவ்வளவு நடந்தாலும் அந்தக் கணக்கில் ஒரு ஜூல்கூட ஏறாது. நடப்பதற்கும் உடல் ஆற்றலைச் செலவிடுகிறது என்பது உண்மை. அது வேறு கணக்கு, பின்னால் வருகிறது.

மூன்றாம் அளவு: நேரம்

கேன் ஏற்கெனவே தோளில் இருக்க வேண்டும். முதல் படிக்குக் கால் எழும் கணத்தில் தொடங்கி, இரண்டு காலும் நான்காம் மாடித் தளத்தில் ஊன்றிய கணத்தில் நிறுத்துங்கள். கேனைத் தோளுக்கு ஏற்றும் நேரத்தையோ கதவு திறக்கக் காத்திருக்கும் நேரத்தையோ இதில் சேர்த்தால், ஏறும் திறனும் முழு வேலையின் சராசரித் திறனும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். இரண்டுமே பயனுள்ள எண்கள்தான். தனித்தனியாக அளந்தால் மட்டும்.

மூன்று முறை அளந்து பாருங்கள். நடுவில் மூச்சு இயல்புக்கு வரும்வரை ஓய்வு வேண்டும். ஓய்வில்லாமல் தொடர்ந்தால் களைப்பு எண்ணிலேயே தெரியும். 60, 63, 71 நொடி என்று நேரம் நீண்டால் திறன் 157, 150, 133 வாட் என்று இறங்குகிறது. வேலை மூன்று முறையும் ஒன்றேதான்.

ஒரு கேனின் கணக்கு

```
வேலை (ஜூல்) = நிறை (கிலோ) × 9.8 × உயரம் (மீட்டர்)
திறன் (வாட்) = வேலை (ஜூல்) ÷ நேரம் (நொடி)
```

9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம். சென்னையில் அது சற்றுக் குறைந்து ஏறக்குறைய 9.78. டேப்பில் வரும் பிழையே இதைவிடப் பெரிது, ஆகவே 9.8 போதும்.

இப்போது கேனை மட்டும் எடுத்தால் 21 × 9.8 × 11.88 = 2,445 ஜூல். ஆளை மட்டும் எடுத்தால் 60 × 9.8 × 11.88 = 6,985 ஜூல். இரண்டும் சேர்ந்து 9,430 ஜூல். ஏற 60 நொடி ஆனது என்றால் மொத்தத் திறன் 157 வாட். அதில் கேனுக்குப் போனது 41 வாட், தன் உடம்பைத் தானே தூக்கிக்கொள்ளப் போனது 116 வாட்.

எது சரியான விடை, 41ஆ, 157ஆ? இரண்டும் சரி. கேள்விகள்தான் வேறு. 'சுமையின் மீது செய்யப்பட்ட வேலை' என்று கேட்டால் கேன் மட்டும். 'அந்த மனிதர் செய்த வேலை' என்று கேட்டால் கேனோடு அவர் உடம்பும். தேர்வுத் தாளில் ஆளின் நிறை கொடுத்திருந்தால், பெரும்பாலும் அதைச் சேர்க்கச் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்காரருக்கு வேண்டியது 2,445 ஜூல். கேன் போடுபவரின் தொடையும் மூச்சும் அறிந்தது 9,430 ஜூல். பயன் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

நேர்த்தியாகப் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. கேனைத் தரையிலிருந்து தோளுக்கு ஏற்ற 1.4 மீட்டர் உயரம் என்றால் 288 ஜூல் கூடுதல். மேலே போய்த் தரையில் இறக்கி வைக்கும்போது அந்த உயரம் வீணாகிவிடுகிறது. மொத்தத்தில் 3 சதவீதம். ஒரு முறைக்கு விட்டுவிடலாம். ஆனால் இடுப்பில் பிடிப்பு வருவது பெரும்பாலும் இந்த 288 ஜூலில்தான், 9,430இல் அல்ல.

வியர்வை எங்கிருந்து வருகிறது?

தசை, உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் நன்றாக வேலை செய்தாலும் ஏறக்குறைய கால் பங்கைத்தான் ஏற்றமாக மாற்றும். மீதி முக்கால் பங்கு வெப்பம். 157 வாட் ஏற்றத்துக்கு உடம்பு 630 வாட் அளவில் எரிக்கிறது, அதில் 470 வாட் சூடாகவே வெளியேற வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வேண்டும். அந்தச் சூடு முழுவதையும் வியர்வையே கொண்டுபோவதாக இருந்தால் நிமிடத்துக்கு 12 கிராம் ஆவியாக வேண்டும். காற்றோட்டமில்லாத படிக்கட்டில், சென்னைப் புழுக்கத்தில் அது ஆவியாகாமல் சொட்டும். சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஆனி மாதத்தில் ஐந்தாவது கேனிலேயே ஆள் தளர்வதற்குத் தசையைவிட இதுவே பெரிய காரணமாக இருக்கலாம்.

உணவுக் கணக்கில் ஒரு முறை ஏற 9 கிலோ கலோரி. பத்து முறைக்கு 90, ஏறக்குறைய இரண்டு இட்லி. கேட்கச் சின்னதாக இருக்கும். ஏறும் கணக்கு மட்டும்தான் இது. இறங்குவதும், நிற்பதும், சும்மா இருந்தாலும் உடம்பு எரிப்பதும் இதில் இல்லை.

இறங்கும்போது என்ன ஆகிறது? பௌதிகக் கணக்கில் புவியீர்ப்பு அவர்மீது வேலை செய்கிறது, ஏறும்போது கொடுத்ததைத் திருப்பித் தருகிறது. ஆனால் உடம்பில் அதைச் சேமித்து வைக்க இடமில்லை. தொடைத்தசை நீண்டுகொண்டே தாங்கிப்பிடித்து அந்த ஆற்றலைச் சூடாக்கி விடுகிறது. இறங்குவது ஏறுவதைவிட மூச்சுக்கு இதம்தான். மறுநாள் தொடையில் வலி வருவதோ பெரும்பாலும் இறங்கியதால்.

கதவு திறக்கும்வரை கேனைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றால் கேன்மீது செய்த வேலை சுழியம். உயரம் மாறவில்லையே. இருந்தும் தோள் கடுக்கும். ஒரே நிலையில் தாங்கி நிற்கவும் தசை நார்கள் தொடர்ந்து ஆற்றலைச் செலவழிக்கின்றன. "வேலை சுழியம் என்கிறீர்கள், களைப்பு மட்டும் எப்படி வந்தது?" என்று மாணவர்கள் கேட்பதற்கு இதுதான் பதில். வேலை என்பது சுமைக்கு நடந்தது, களைப்பு தசைக்கு நடந்தது.

எண் தப்பாக வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

சுமையோடு ஒரு நிமிடம் படியேறும் சராசரி ஆளுக்கு விடை 100 முதல் 250 வாட்டுக்குள் வர வேண்டும். வராவிட்டால், தவறு எங்கே என்று எண்ணே காட்டிக்கொடுக்கும்.

நம் எடுத்துக்காட்டில் 16 வாட் என்று வந்தால் 9.8ஐப் பெருக்க மறந்துவிட்டீர்கள். கிலோ என்பது நிறை, அதை விசையாக்காமல் வேலை வராது. 310 வாட் என்று ஏறக்குறைய இரு மடங்காக வந்தால் செங்குத்து உயரத்துக்குப் பதில் படிச்சரிவின் நீளத்தைப் போட்டிருக்கிறீர்கள். 28 செ.மீ. அகலமும் 16.5 செ.மீ. உயரமும் உள்ள படிக்குச் சரிவு நீளம் 32.5 செ.மீ. 72 படிக்கு 23.4 மீட்டர். 196 வாட் வந்தால் நான்கு மாடிக்கு ஐந்து மாடி என்று எண்ணியிருப்பீர்கள். 9,430 வாட் வந்தால் நேரத்தை '1' என்று நிமிடத்தில் போட்டுவிட்டீர்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். அந்தக் கணக்குப்படி கேன் போடுபவர் பன்னிரண்டரைக் குதிரைக்குச் சமம்.

பத்து கேன்: ஒன்று ஒன்றாகவா, இரண்டு இரண்டாகவா?

ஒரு கேனில் முடியும் கணக்கு பாடநூலோடு நின்றுவிடும். பத்து கேன் ஏற்ற வேண்டும் என்று வந்தால்தான் அந்த 6,985 ஜூல் ஏன் முக்கியம் என்று தெரியும்.

ஒவ்வொன்றாக ஏற்றினால் பத்து ஏற்றம், ஒவ்வொன்றும் 9,430, மொத்தம் 94,300 ஜூல். தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டிரண்டாக ஏற்றினால் ஐந்து ஏற்றம். ஒவ்வொன்றிலும் 102 கிலோ எழுகிறது, 11,875 ஜூல். மொத்தம் 59,400 ஜூல். மேலே போய்ச் சேர்ந்த கேன்கள் இரண்டு முறையிலும் பத்துதான், அவற்றுக்கான வேலையும் அதே 24,450 ஜூல்தான். மிச்சமான 35,000 ஜூலும் எங்கிருந்து வந்தது? அந்த ஆள் தன் உடம்பை ஐந்து முறை குறைவாகத் தூக்கினார். வேறெதுவும் மாறவில்லை.

நேரத்தையும் சேர்ப்போம். ஒரு கேனோடு ஏற 60 நொடி, இறங்க 40, வாசலில் 20 என்றால் சுற்றுக்கு 2 நிமிடம். பத்துச் சுற்றுக்கு 20 நிமிடம். இரண்டு கேனோடு அதே 157 வாட்டில் ஏறினால் 76 நொடி ஆகும். இறங்க 45, வாசலில் 30 என்று தாராளமாகவே வைப்போம். சுற்றுக்கு 151 நொடி, ஐந்து சுற்றுக்கு ஏறக்குறைய பன்னிரண்டரை நிமிடம். முழு நேரத்துக்கும் சராசரி பார்த்தால் அவர் உடம்பு கொடுத்த திறன் இரண்டிலும் 79 வாட். வீட்டுக்காரருக்குக் கிடைத்த பயனோ முதல் முறையில் 20 வாட், இரண்டாவதில் 32 வாட்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. இரண்டு கேனோடும் ஒரு கேனோடு ஏறிய அதே 60 நொடியில் ஏறப் பார்ப்பார்கள். அப்போது திறன் 198 வாட் ஆகிவிடும். மூன்றாவது சுற்றிலேயே மேல்மூச்சு வாங்கும், ஓய்வு நீளும், மிச்சம் பிடித்த நேரம் அதிலேயே போய்விடும். சுமை கூடினால் படிக்கு எடுக்கும் நேரத்தையும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டும். 81 கிலோவுக்கு 60 நொடி என்றால் 102 கிலோவுக்கு 76. இந்த விகிதம் ஒன்றை மனத்தில் வைத்தாலே போதும், வாட் கணக்கு ஒவ்வொரு முறையும் வேண்டாம்.

அப்படியானால் மூன்று கேன்?

கூட்டலை மட்டும் நம்பினால் சுமை கூடக்கூட லாபம் என்றுதான் வரும். உடம்பு அப்படிச் சொல்வதில்லை. சுமை ஏறும்போது வேலை கூடுவதோடு, ஒரு நாளில் ஓர் ஆள் கொடுக்கக்கூடிய மொத்த வேலையே குறைகிறது. இதை எண்ணால் பிடித்துக் காட்டியவர், மின்னூட்டத்தின் அலகுக்குப் பெயர் தந்த அதே பிரெஞ்சுக்காரர் கூலூம். அவர் படையில் பொறியாளர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆட்கள் ஒரு நாளில் எவ்வளவு வேலை தர முடியும் என்று ஆராய்ந்தபோது, மாடிக்கு விறகு சுமப்பவர்களைப் பார்த்தார்.

வெறுங்கையோடு ஏறுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவு அட்லாண்டிக் கடலிலுள்ள டெனரிஃப் தீவு மலையில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி போர்டாவின் குழுவினர் ஏறியது: ஏழே முக்கால் மணி நேரத்தில் 2,923 மீட்டர். 70 கிலோ ஆளுக்கு இது 205 கிலோவை ஒரு கிலோமீட்டர் உயர்த்தியதற்குச் சமம். வாட்டில் சொன்னால், 7¾ மணி நேரமும் சராசரி 72. விறகுக்காரர் கணக்கு வேறு. 68 கிலோ விறகோடு 12 மீட்டர் உயரம், ஒரு நாளில் 66 முறை. ஆளையும் விறகையும் சேர்த்தாலும் 109 கிலோவை ஒரு கிலோமீட்டர் உயர்த்தியதாகத்தான் வருகிறது. சுமை ஏறியதும் நாளின் மொத்த வேலை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. அதிலும் விறகின் பங்கு 54 மட்டுமே.

சுமை கூடக்கூட இந்தக் குறைவு நேர்விகிதத்தில் வருகிறது என்று கொண்டு, பயன் எந்தச் சுமையில் உச்சம் என்று கூலூம் கணக்கிட்டார். ஆளின் நிறையில் முக்கால் பங்கு, அதாவது 70 கிலோ ஆளுக்கு 53 கிலோ. அப்போது பயன் 56. விறகுக்காரரின் 54க்கும் இதற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். அவருடைய விதியிலேயே நம் கேன்களைப் போட்டுப் பார்த்தால் 21 கிலோவுக்குப் பயன் 40, 42 கிலோவுக்கு 55. ஒரு கேனிலிருந்து இரண்டுக்குப் போவதில் நல்ல லாபம் இருக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதில் லாபம் ஒன்றுமேயில்லை, முதுகெலும்புக்கு வரும் பாடுதான் மிச்சம்.

இது இரண்டே புள்ளிகளை இணைத்துப் போட்ட கோடு என்பதை மறக்கக் கூடாது. அதன் திசை சரி, எண்ணை அட்சரசுத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதோடு, 'அதிகப் பயன்' என்பதும் 'பாதுகாப்பான சுமை' என்பதும் ஒன்றல்ல. வயதுவந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டினால் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் தூக்குவதற்கு வகுத்த சமன்பாடு, எல்லாம் சாதகமாக இருந்தால்கூட 23 கிலோவிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு கேனே அதை நெருங்கிவிட்டது. ஒரு தோளில் மட்டும் சுமை, குறுகிய திருப்பம், ஈரமான கிரானைட் படி என்றால் சாதகம் ஒவ்வொன்றாகக் கழிகிறது. இரண்டு கேன் தூக்குகிறவரும், கைப்பிடியைப் பற்ற ஒரு கை மிச்சமில்லாத படிக்கட்டில் ஒன்றாகக் குறைத்துக்கொள்வதே சரி.

உடம்பை ஏற்றாமல் சுமையை மட்டும் ஏற்றினால்

மேற்கண்ட கணக்கு எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகிறது: ஆள் ஏறாமல் சுமை மட்டும் ஏற வேண்டும். மொட்டைமாடியிலோ பால்கனியிலோ கப்பியும் கயிறும் பொருத்திக் கேனை இழுத்தால் ஒரு கேனுக்கு 2,445 ஜூல், கூடவே கப்பியின் உராய்வு. உராய்வுக்குக் கால் பங்கு சேர்த்தாலும் 3,060. படி வழியாக ஏற்றுவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிமிடத்துக்கு ஒரு கேன் என்றால் 51 வாட். கை, காலைப் போல வலுவானதல்ல, அதனால் இருவர் மாறிமாறி இழுப்பது நல்லது. கீழே நின்று இழுப்பவர் தன் உடல் எடையையே கயிற்றில் தொங்கவிட்டு இழுக்கலாம். 21 கிலோ கேனுக்கு அது தாராளம்.

கப்பியை ஜன்னல் கம்பியிலோ பால்கனிக் கைப்பிடியிலோ கட்டக் கூடாது. இழுக்கும்போது கப்பி தாங்குவது கேனின் எடையை மட்டுமல்ல, அதற்குச் சமமான இழுவிசையையும் சேர்த்து, ஏறக்குறைய இரு மடங்கு. திடீரென்று வெட்டி இழுத்தால் அதற்கும் மேல். கான்கிரீட்டில் போல்ட் போட்ட கொக்கி வேண்டும். கேனின் கழுத்தில் முடிச்சிட்டால் நனைந்ததும் நழுவும், ஆகவே வலைப்பையிலோ கயிற்றுத் தூளியிலோ வைத்துத்தான் ஏற்ற வேண்டும். கேன் மேலே போகும் நேரம் முழுவதும் அதற்கு நேர்கீழே யாரும் நிற்கக் கூடாது. இழுப்பவர்கூட கயிற்றைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளித்தான் நிற்க வேண்டும். நான்காம் மாடியிலிருந்து விழும் கேன் நீங்கள் கொடுத்த 2,445 ஜூலையும் அப்படியே திருப்பித் தரும். தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 15 மீட்டர், மணிக்கு 55 கிலோமீட்டர்.